ஆவி கண்ணாடியின் எந்தப் பக்கம்? மாஸ்க்கும் மூக்குக் கண்ணாடியும் மலைக்குளிரும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தை மாதத்தில் காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்குப் போகும்போது வெளியே 6 டிகிரி இருக்கும். தலையில் மங்கி குல்லா, கழுத்தில் மஃப்ளர், முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் மைனஸ் மூன்றரை பவர் கண்ணாடி. கேட்டைத் தாண்டுவதற்குள் கண்ணாடி ஒரு தடவை மங்கும். உள்ளே நுழைந்ததும் மொத்தமாக வெள்ளையாகிவிடும். டீத்தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங்கில் சலித்துக்கொண்டிருக்கும் ஒரு அக்கா, “சார், கண்ணாடியைக் கழட்டிட்டே வாங்க. அப்பத்தான் நாங்க இருக்கறது தெரியும்” என்பார். கழற்றினாலும் அவர் முகம் தெரியாது என்பது வேறு விஷயம்.

மாஸ்க்கைக் கழற்றவும் முடியாது. சார்ட்டிங் அறையில் டீத்தூசியும் பஞ்சும் பறந்துகொண்டே இருக்கும். அது மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல்தான். ஆகவே பல வருடங்கள் விதவிதமாக மாஸ்க்கை மாற்றிப் பார்த்தேன். பாதி நேரம் பலித்தது, பாதி நேரம் பலிக்கவில்லை. ஏன் என்று புரிந்தது தற்செயலாகத்தான். ஒருநாள் மாஸ்க்கை வீட்டிலேயே மறந்துவிட்டு, அரைத்த இலையைப் புளிக்கவைக்கும் ஃபெர்மென்டிங் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நின்றேன். அப்போதும் கண்ணாடி மூடிக்கொண்டது. விரலால் வெளிப்பக்கத்தைத் தடவினேன். ஈரம் அங்கேயும் இருந்தது.

அதாவது நான் ஒரே தொல்லை என்று நினைத்தது இரண்டு தொல்லைகள். இரண்டுக்கும் மருந்து வேறு. எது நம்முடையது என்று தெரியாமல் டேப் ஒட்டுவதும் ஸ்பிரே வாங்குவதும் வீண் செலவு.

முதலில் எந்த ஆவி என்று பாருங்கள்

கண்ணாடி மங்கியதும் துடைக்காதீர்கள். ஒரு விரலை லென்ஸின் வெளிப்பக்கத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். கோடு விழாமல் மங்கல் அப்படியே இருந்தால், ஆவி உள்பக்கத்தில், முகத்தை ஒட்டி இருக்கிறது. அது மூச்சு ஆவி. மாஸ்க்கின் மேல் விளிம்பில் எங்கோ இடைவெளி இருக்கிறது, மூச்சு அந்த வழியாக நேராக லென்ஸுக்கு ஏறுகிறது. அது வரும் விதமும் அப்படித்தான்: மூக்கை ஒட்டிய கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே ஏறும். மூச்சு விடும்போது கூடும், இழுக்கும்போது கொஞ்சம் தெளியும். காற்று காய்ந்து கிடக்கும் குளிர்நாளில் இந்தக் கூடுதலும் குறைதலும் நன்றாகவே தெரியும்.

விரல் போன தடத்தில் கோடு விழுந்து, இரண்டு பக்கமும் ஈரமாக இருந்தால் அது அறை ஆவி. கதவைத் தாண்டி நுழைந்த ஓரிரு நொடியில் லென்ஸ் முழுவதும் ஒரே சீராக வெளுத்துப்போகும். மூச்சை அடக்கினாலும் வரும். மாஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, மழைக்காலத்து மூடுபனி. அதில் வெளிப்பக்கத்தில் மட்டும் பொடிப்பொடியாகத் துளி நிற்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூச்சு ஏன் லென்ஸில் தங்குகிறது

நாம் வெளியே விடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரிச் சூட்டில், தாங்கக்கூடிய அளவுக்கு நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று கிட்டத்தட்ட 37 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சம் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு லென்ஸ் 30 டிகிரியில் இருக்கும், அதனால் இறங்குவது கொஞ்சம். நமக்கு லென்ஸ் 10 டிகிரியில் இருக்கிறது. மாஸ்க் அதேதான், ஓட்டையும் அதேதான், ஆனால் ஊட்டிக்கு வந்த விருந்தாளி “எங்க ஊர்ல இப்படி ஆகவே ஆகாதே” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இறங்கிய நீர் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு முத்துகளாக நிற்கிறது. ஒவ்வொரு முத்தும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அதே நீர் முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிட்டால் ஊடே பார்க்க முடியும். சோப்பு செய்யும் வேலை அவ்வளவுதான். கண்ணாடி மங்குவது அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் நெடுநாள் தொல்லை. லென்ஸை சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, காயவிடுங்கள் என்று 2011-லேயே ஒரு பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் சிறு குறிப்பு வந்திருக்கிறது.

ஆனால் சோப்பு இரண்டாவது வேலை. முதல் வேலை ஓட்டையை அடைப்பது.

மாஸ்க்கின் மேல் விளிம்பு

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் போதும். அதை ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் வைத்துக் குளிரவிடுங்கள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஸ்பூனின் முதுகை மாஸ்க்கின் மேல் விளிம்புக்கு அருகே, கண்ணுக்குக் கீழே பிடித்து மூச்சு விடுங்கள். மூக்கின் இடது பக்கம், வலது பக்கம், கன்னம் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். ஸ்பூன் எங்கே மங்குகிறதோ அங்கேதான் வழி. எனக்கு எப்போதும் மூக்குத் தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தில்தான் மங்கும். பெரும்பாலானவர்களுக்கும் அங்கேதான்.

காரணம், மூக்குக் கம்பியை நாம் ஒரு கையால் கிள்ளுகிறோம். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளினால் நடுவில் கூரை முகடு மாதிரி ஒரு கூர் விழும். இரண்டு பக்கமும் சரிவு எழும்பி நிற்கும், மூச்சு அதன் வழியே போகும். இரண்டு கையின் ஆட்காட்டி விரல்களையும் மூக்குத் தண்டின் மேல் வைத்து, அழுத்தியபடியே இரண்டு பக்கமும் கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். மூக்கின் பக்கவாட்டில் இறங்கி, பள்ளத்தில் அழுந்தி, கன்னத்து எலும்பின் மேல் ஏறிக் கம்பி முடிய வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படி இழுத்தால் முகத்தின் வளைவு கம்பிக்கு வந்துவிடும். மறுபடி ஸ்பூனைப் பிடித்துப் பாருங்கள்.

மூன்று மடிப்பு வைத்த சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் இன்னொரு இடமும் கவனிக்க வேண்டும். காது எலாஸ்டிக் நீளமாக இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, பேசப் பேசக் கீழே நழுவும், கம்பி மூக்கின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். எலாஸ்டிக்கை மாஸ்க்கின் மூலைக்கு ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பக்கத்தில் வாய் பிளந்து நிற்கும் மடிப்பை உள்ளே சொருகிவிட்டால் இறுக்கமாக உட்காரும். முடிச்சுப் போட்ட பிறகுதான் கம்பியை வளைக்க வேண்டும். வரிசை மாறினால் வளைத்தது வீண்.

துணி மாஸ்க் பலவற்றில் கம்பியே இருக்காது. அதை வைத்துக்கொண்டு இந்தக் குளிரில் மல்லுக்கு நிற்காதீர்கள். ரொட்டி பாக்கெட்டின் வாயைக் கட்டிவரும் பிளாஸ்டிக் பூசிய கம்பி இரண்டை முறுக்கி, முனையை மடித்து, மேல் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடலாம். என் மனைவி அப்படித்தான் எனக்கு நான்கு தைத்துக் கொடுத்தாள். முனையை மடிக்காமல் தைத்த முதலாவது மட்டும் கன்னத்தைக் கீறியது.

இதற்குப் பிறகும் ஸ்பூன் மங்கினால் டேப். மெடிக்கல் ஷாப்பில் மைக்ரோபோர் என்று கேட்டால் காகிதம் போன்ற வெள்ளை டேப் தருவார்கள், காயத்துக்குப் பஞ்சு ஒட்டுவது. ஒரு அங்குல அகலம் வாங்குங்கள். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கிழித்து, பாதி அகலம் மாஸ்க்கிலும் பாதி தோலிலும் படுமாறு, ஒரு கன்னத்திலிருந்து மூக்கைத் தாண்டி மறு கன்னம் வரை ஒட்ட வேண்டும். நடுவில், மூக்குத் தண்டில் முதலில் அழுத்திவிட்டு இரண்டு பக்கமும் தடவிக்கொண்டு போனால் சுருக்கம் விழாது. முகத்தில் கோல்டு கிரீமோ எண்ணெயோ இருந்தால் பத்து நிமிடத்தில் கழன்று வந்துவிடும். குளிர்காலத்தில் இங்கே கிரீம் பூசாத முகம் இல்லை என்பதால், ஒட்டும் இடத்தை மட்டும் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். கழற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல எடுங்கள். தோல் சிவந்து எரிந்தால் அடுத்த நாள் விட்டுவிடுங்கள்.

டேப் பிடிக்காதவர்களுக்கு டிஷ்யூ காகிதம் உண்டு. ஒன்றை நீளவாக்கில் நான்கைந்து தடவை மடித்துப் பட்டையாக்கி, மாஸ்க்கின் உள்பக்கம் மேல் விளிம்பில், மூக்குத் தண்டுக்குக் குறுக்கே வைக்கலாம். பள்ளத்தை நிரப்பும், கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சும். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். அப்போது மாற்றியாக வேண்டும்.

என்95 போடுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்த மாஸ்க் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் கண்ணாடி பெரிதாக மங்கக்கூடாது. மங்குகிறது என்றால் அது உங்கள் முகத்துக்குச் சரியாக உட்காரவில்லை, தூசியும் அதே வழியாக உள்ளே வருகிறது. இரண்டு கைகளாலும் மாஸ்க்கை மூடிப் பிடித்துப் பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணில் காற்றுப் பட்டால் மூக்குப் பட்டையை மறுபடி வளைத்துப் போடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் வேறு அளவு, வேறு வடிவம் பார்க்க வேண்டும். டேப் ஒட்டி ஒப்பேற்றக் கூடாது. தாடிக்கு மேல் போட்டால் எந்த என்95-உம் ஒட்டாது.

கடைசியாகக் கண்ணாடியை உட்கார வைப்பது. மாஸ்க்கைக் கொஞ்சம் மேலே இழுத்து, அதன் விளிம்பின் மேல் கண்ணாடியின் மூக்குப் பிடிகள் உட்காருமாறு வைத்தால், கண்ணாடியின் எடையே விளிம்பை அழுத்திக்கொடுக்கும். சட்டம் கனமாக இருப்பவர்களுக்கு இது நன்றாகப் பலிக்கும். என்னுடையது மெல்லிய கம்பிச் சட்டம், அதனால் பெரிய பலன் இல்லை. கண்ணாடிக் கடையில் மூக்குப் பிடிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, லென்ஸ் முகத்தைவிட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்குமாறு செய்யச் சொல்லலாம். இடையில் காற்று ஓடும், ஆவி சீக்கிரம் காயும். நான்குக்கு மேல் பவர் உள்ளவர்கள் மட்டும் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம். லென்ஸ் விலகினால் பவர் மாறியது போலத் தெரியும்.

மாஸ்க்குக்கு மேல் மஃப்ளர் சுற்றும் பழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. அதுதான் பெரிய வில்லன். முன்பக்கத்தையும் கீழையும் கம்பளி அடைத்துவிடுவதால், மூச்சுக்குப் போக மேலே மட்டும்தான் வழி இருக்கும். மஃப்ளரைத் தாடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மங்கி குல்லா அப்படியில்லை. அதன் முகத் திறப்பின் ஓரத்தைக் கன்னத்தில் இழுத்து, மாஸ்க்கின் மேல் விளிம்பின் இரு முனைகளையும் அதற்கடியில் விட்டால், டேப் செய்யும் வேலையில் பாதியைக் குல்லாவே செய்துவிடும்.

சோப்புப் படலம்

ஓட்டையை அடைத்த பிறகும் கொஞ்சம் ஆவி வரும். அதற்குத்தான் இது. பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு போதும். நறுமணம் இல்லாததாகப் பாருங்கள். எங்கள் இடத்தில் இது கட்டாயம், ஏனென்றால் தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். எலுமிச்சை வாசனை அடிக்கும் முகத்தோடு சார்ட்டிங்கில் குனிந்தால் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீ மேக்கருக்குக் கோபம் வந்துவிடும். கைக்கு மென்மை தரும் என்று போட்டிருக்கும் சோப்பில் எண்ணெய்ப் பசை இருக்கும், அது லென்ஸில் திட்டுத்திட்டாக நிற்கும்.

குழாய்த் தண்ணீரில் முதலில் லென்ஸை நன்றாக அலசுங்கள். தூசியோடு வேட்டி நுனியிலோ சால்வையிலோ துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் விழும். வெந்நீரும் ஆகாது, மேல் பூச்சு வெடித்துச் சிலந்தி வலை போலக் கோடு விழும். கைப்பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். பிறகு பட்டாணியில் பாதி அளவு சோப்பை விரல் நுனியில் எடுத்து, இரண்டு பக்கமும் தேயுங்கள். மூக்குப் பிடியும் லென்ஸின் ஓரமும் விட்டுப்போகக் கூடாது. முகத்து எண்ணெய் அங்கேதான் சேர்ந்திருக்கும். இப்போது முழுதாக அலசிவிடுங்கள். இது வெறும் சுத்தம் செய்தல்.

அடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டுச் சோப்பு கலந்து, அதில் லென்ஸை முக்கி எடுத்து உதறுங்கள். அலசக் கூடாது. தானாகக் காயவிடுங்கள், அவசரம் என்றால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். காய்ந்ததும் “ஹா” என்று வாயால் ஊதிப் பாருங்கள். மங்கி உடனே தெளிந்தால் சரி. வானவில் நிறத்தில் வரி வரியாகத் தெரிந்தால் சோப்பு அதிகம், இன்னொரு முறை தண்ணீரில் காட்டி எடுங்கள். அதிகச் சோப்போடு விட்டால் வியர்வையில் கரைந்து கண்ணில் எரியும்.

எனக்கு இது காலையிலிருந்து பத்து மணி டீ வரை தாங்கும். இடையில் ஒருமுறை துடைத்தால் போயிற்று, மறுபடி போட வேண்டியதுதான்.

சிலருக்கு இது பலிக்கவே பலிக்காது. காரணம் புது லென்ஸ்களின் மேல் பூச்சு. லென்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடினால், அந்தப் பூச்சு சோப்பையும் நிற்கவிடாது, திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். அப்படியென்றால் லென்ஸ் வாங்கிய கடையிலேயே, இந்தப் பூச்சுக்கு ஒத்துவரும் ஆவி தடுப்புத் துணியோ ஸ்பிரேயோ எது என்று கேட்டு வாங்குங்கள். துணியை அதன் ஜிப் உறைக்குள்ளேயே வைக்க வேண்டும், வெளியே கிடந்து காய்ந்தால் வெறும் துணிதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2022-இல் கடைகளில் கிடைத்த இப்படிப்பட்ட சில ஸ்பிரேக்களையும் துணிகளையும் சோதித்து, அவற்றில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் இருந்ததாக வெளியிட்டார்கள். அதனால் ஸ்பிரேயை மூக்குக்கு அருகே அடிக்காமல், கண்ணாடியைக் கழற்றித் தள்ளிப் பிடித்து அடிப்பேன். முடிந்தவரை சோப்போடு நிறுத்திக்கொள்வேன்.

டூத்பேஸ்ட் தேய்க்கச் சொல்வார்கள். அதில் பல்லைத் தேய்க்கும் பொடி இருக்கிறது, லென்ஸையும் தேய்த்துவிடும். சானிடைசர் விட்டுத் துடைத்து ஒரு ஜோடி லென்ஸின் பூச்சை நானே உரித்திருக்கிறேன். நம் ஊர் வழக்கமாக உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பதும் உண்டு. கொஞ்ச நேரம் வேலை செய்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாவுக் கோடு தெரியும், அதைப் போக்க மறுபடி சோப்புப் போட வேண்டும்.

அறை ஆவி: ஒரே சூடு, இரண்டு அறைகள்

இனி என்னை ஏமாற்றிய விஷயம். எங்கள் ஃபெர்மென்டிங் அறையும் சார்ட்டிங் அறையும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கும், 24, 25 டிகிரி. ஆனால் ஃபெர்மென்டிங்கில் இலை காய்ந்துவிடக் கூடாது என்று ஈரப்பதத்தை 95 சதவீதம் அளவுக்கு வைத்திருப்பார்கள். சார்ட்டிங் பக்கம் டிரையரின் உலர்ந்த சூட்டினால் 40 சதவீதம்தான் இருக்கும்.

காற்று எந்தக் குளிர்ச்சியில் தன் நீராவியைக் கொட்டத் தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்பார்கள். லென்ஸ் அதைவிடக் குளிர்ந்திருந்தால் மங்கும், சூடாக இருந்தால் மங்காது. வேறு கணக்கே இல்லை. சார்ட்டிங் அறையின் பனிநிலை ஏறக்குறைய 10 டிகிரி. வெளியிலிருந்து 7 டிகிரி லென்ஸோடு வருகிறேன் என்றால், அது மூன்று டிகிரி ஏறினால் போதும். முகத்துச் சூடும் அறைச் சூடும் சேர்ந்து ஒரு நிமிடத்துக்குள் அதைச் செய்துவிடும். ஃபெர்மென்டிங் அறையின் பனிநிலை 23 டிகிரி. அதே லென்ஸ் பதினாறு டிகிரி ஏற வேண்டும், அதுவரை அதன் மேல் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். துடைத்தால் மறு நொடியே மறுபடி வரும், ஏனென்றால் துடைப்பதால் லென்ஸ் சூடாவதில்லை. துடைத்துத் துடைத்துச் சோப்புப் படலம் போவதுதான் மிச்சம்.

ஆகவே வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் சார்ட்டிங் அறைக்குள் போவேன். ஐந்து நிமிடம் அங்கே பதிவேடு பார்ப்பதற்குள் லென்ஸ் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு ஃபெர்மென்டிங்குக்குப் போனால் மங்குவதில்லை, அல்லது மூக்கின் ஓரத்தில் மட்டும் லேசாக வரும், அது மூச்சு. உங்கள் வீட்டிலோ கடையிலோ இதே கணக்குத்தான். வெளியிலிருந்து நேராகக் குளியலறைக்கோ, பாய்லர் கொதிக்கும் டீக்கடைக்கோ, ஆள் நிறைந்து ஜன்னல் மூடிய பஸ்ஸுக்கோ போகாமல், இடையில் உலர்ந்த, சூடான ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியுமா என்று பாருங்கள்.

அப்படி இடம் இல்லை என்றால் இரண்டாவது கண்ணாடி. பழைய பவர் என்று ஒதுக்கி வைத்தது, அரைப் பவர் வித்தியாசம் இருந்தாலும் நடமாட உதவும் என்றால், உள்ளேயே வைத்துவிடுங்கள். என்னுடையது மாஸ்க் வைக்கும் அலமாரியில் மஸ்லின் பையில் தொங்குகிறது. அறைச் சூட்டிலேயே இருப்பதால் மாட்டியதும் தெளிவாக இருக்கும். சீக்கிரம் சூடாகட்டும் என்று டிரையர் பக்கத்திலோ அடுப்பு மேட்டிலோ வைக்காதீர்கள், பூச்சு வெடிக்கும்.

ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் கண்ணாடியை வைத்து எடுத்துவருவதும் நல்ல வழிதான், கண்ணாடி இல்லாமல் நடக்க முடிகிறவர்களுக்கு. விடியற்காலையில் காட்டெருமை நிற்கும் வழியில் எனக்கு அது சரிப்படாது.

ஐப்பசி மழையில்

ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியிலேயே தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் அசல் மழை. அப்போது குளிர் தையளவு இருக்காது, பதினைந்து டிகிரி சுமார். ஆனாலும் கண்ணாடித் தொல்லை அதிகம். தையில் மூச்சு ஆவி படிந்தாலும் சுற்றிலும் உள்ள உலர்ந்த காற்று அதை எடுத்துக்கொண்டுவிடும். மூடுபனிக்குள் காற்றே நிறைந்து வழிகிறது, எடுத்துக்கொள்ள இடமில்லை. ஒருமுறை படிந்தது அப்படியே நிற்கும்.

மாஸ்க்கும் நனைந்துபோகும். நனைந்த மாஸ்க்கின் வழியே மூச்சு எளிதில் போகாது, அதனால் இன்னும் அதிகமாக மேல் விளிம்பைத் தேடி ஏறும். அதுவரை நன்றாக இருந்த கண்ணாடி மதியத்துக்கு மேல் மங்கத் தொடங்கினால், கம்பியைக் குறை சொல்லாமல் மாஸ்க்கைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும். இந்த மாதங்களில் பையில் மூன்று மாஸ்க் காகித உறையில் வைத்திருப்பேன், ஷிப்டு நடுவில் ஒருமுறை மாற்றிவிடுவேன். டேப் ஈரத் தோலில் ஒட்டாது, துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

லென்ஸின் வெளிப்பக்கத்தில் நிற்கும் மூடுபனித் துளிக்குச் சோப்பு மருந்தல்ல. அது மழைத்துளியின் தம்பி, வந்துகொண்டே இருக்கும், சோப்பைக் கழுவியும் விடும். முன்பக்கம் நன்றாக நீண்ட தொப்பிதான் அதற்கு வழி, இல்லாவிட்டால் குடையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடிப்பது.

வண்டியில் போகும்போது

ஹெல்மெட்டுக்குள் மாஸ்க்கும் கண்ணாடியும் சேர்ந்தால் லென்ஸும் மங்கும், வைசரும் மங்கும். இரண்டும் ஒரே சமயத்தில் மங்கினால் முன்னால் வளைவு இருப்பதே தெரியாது. வைசரை ஒரு படி திறந்து வையுங்கள், காற்று கீழிருந்து ஏறி ஆவியை எடுத்துப்போகும். வைசரின் உள்பக்கத்திலும் அந்த ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீரைக் காட்டிக் காயவிடலாம். வண்டி ஓடும்வரை தெளிவாக இருந்துவிட்டு, செக்போஸ்ட்டிலோ லாரிக்குப் பின்னாலோ நின்றதும் மங்கினால் பயப்பட வேண்டாம், காற்று நின்றதால் வந்தது. ஆனால் நகர்வதற்கு முன் தெளிய வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வேறொன்று நடக்கும். மேலே குளிர்ந்த லென்ஸ், கீழே புழுங்கும் காற்றுக்குள் போகிறது. வழியில் எங்கேயோ, மாஸ்க்கை எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தாலும், இரண்டு பக்கமும் மங்கும். மேலே ஏறும்போது இப்படி ஆகாது, லென்ஸ் காற்றைவிடச் சூடாக இருக்கும். இறங்கும்போது மங்கினால் கையால் துடைத்துக்கொண்டே வளைவில் திரும்பாதீர்கள். அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் இரண்டு நிமிடம் வையுங்கள். லென்ஸ் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் மேட்டுப்பாளையம் வரை மறுபடி வராது.